காபியில் 27%, சாக்லேட்டில் 50%: ஏற்காட்டுக் கடை எதை முன்னால் வைப்பது?

2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா காபி ஒரு பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியது. அதுவரை காணாத விலை அது. சேர்வராயன் மலைத் தோட்டங்களில் விளைவதும் பெரும்பாலும் அராபிகாதான் என்பதால், ஏற்காட்டில் காபித்தூள் விற்கும் சிறு கடைகளின் கொள்முதல் விலையும் அதோடு ஏறியது. கணக்கு எழுதிப் பார்க்கும் கடைக்காரருக்கு ஒரு குழப்பம் வருவது இங்கேதான். காபியில் முன்பு விற்பனை விலையில் 35% லாபமாக நின்றது, இப்போது 27% தான் நிற்கிறது. பக்கத்துத் தட்டில் இருக்கும் சாக்லேட்டிலும் யூகலிப்டஸ் தைலத்திலும் 50% நிற்கிறது. அப்படியானால் காபியைக் குறைத்து, முன் மேசையைச் சாக்லேட்டுக்குக் கொடுத்துவிடலாமா?

கூடாது என்றும் சொல்ல முடியாது, சரி என்றும் சொல்ல முடியாது. கேள்வியைச் சதவீதத்தில் கேட்டதுதான் தவறு. ஒரே கடைக்கு மே மாத ஞாயிற்றுக்கிழமையில் ஒரு விடையும், ஆகஸ்ட் மாதச் செவ்வாய்க்கிழமையில் வேறு விடையும் வரும். ஏன் என்பதை ஓர் உதாரணக் கடையின் கணக்கை வைத்துப் பார்ப்போம். கீழே வரும் விலைகள் கணக்குப் புரிவதற்காக வைத்த தொகைகள். அவரவர் கடையின் எண்களை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளலாம். எல்லாம் ஜிஎஸ்டி நீக்கிய தொகை. காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் கடைக்காரர், வாங்கும்போது கட்டிய வரியைத் திரும்பப் பெற முடியாது. எனவே அவர் அதைக் கொள்முதல் விலையோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

## சதவீதம் மறைப்பது என்ன

முதலில் காபியின் அடக்க விலை. பச்சைக் கொட்டை கிலோ ரூ.480 என்று வைப்போம். வறுக்கும்போது ஈரம் போய் எடை குறையும். வறுவலின் ஆழத்தைப் பொறுத்து 15 முதல் 20% வரை போகும். 17% என்று எடுத்தால் ஒரு கிலோ பச்சைக் கொட்டையில் 830 கிராம்தான் மிஞ்சும். எனவே வறுத்த கொட்டை கிலோ ரூ.578 ஆகிறது. வறுகூலி, அரைகூலி, கவர், ஒட்டு எல்லாம் சேர்த்து கிலோவுக்கு ரூ.62 போட்டால் ரூ.640. கால் கிலோ பாக்கெட்டின் அடக்கம் ரூ.160, விற்பது ரூ.220, நிற்பது ரூ.60.

விலை ஏறுவதற்கு முன்பு அதே பாக்கெட்டின் அடக்கம் ரூ.110, விற்பனை ரூ.170 என்று இருந்திருந்தால் அப்போதும் நின்றது ரூ.60 தான். சதவீதம் 35லிருந்து 27க்கு இறங்கியதே தவிர, ஒரு பாக்கெட் விற்றால் கல்லாவில் சேரும் தொகை மாறவில்லை. வாடகையையும் சம்பளத்தையும் ரூபாயில்தான் கட்டுகிறோம்.

ஆனால் ஒன்று மாறியிருக்கிறது. கடையில் எப்போதும் 50 பாக்கெட் அளவுக்குக் காபி கையிருப்பு வேண்டும் என்றால் முன்பு ரூ.5,500 போதும், இப்போது ரூ.8,000 வேண்டும். கொள்முதல் விலை ஏற்றம் கடைக்காரரின் லாபத்தை விட அவருடைய முதலீட்டைத்தான் அழுத்துகிறது. இந்த வேறுபாடு பிடிபட்டால் மற்ற கணக்கு எளிது.

கூடவே இன்னொரு கவனம். பச்சைக் கொட்டை கிலோவுக்கு ரூ.100 ஏறினால் தூள் விலையில் ரூ.100 ஏற்றினால் போதாது. எடை இழப்பால் அது வறுத்த கொட்டையில் ரூ.120 ஆக ஏறியிருக்கும். அந்த இருபது ரூபாயை விட்டவருக்குக் கால் கிலோ பாக்கெட்டில் நிற்கும் ரூ.60இல் ஐந்து ரூபாய் கரைந்திருக்கும். அவருக்கு மட்டும் காபி உண்மையிலேயே முன்பை விட லாபம் குறைந்த சரக்கு ஆகியிருக்கும், அதுவும் விலைப்பலகையை உடனே திருத்தினால் சரியாகிவிடும்.

## கடையில் எதற்குத் தட்டுப்பாடு?

எந்தச் சரக்கை முன்னிறுத்துவது என்ற கேள்விக்கு, கடையில் எது போதாமல் இருக்கிறதோ அதன் ஓர் அலகுக்கு எந்தச் சரக்கு எத்தனை ரூபாய் கொடுக்கிறது என்று பார்க்க வேண்டும். ஏற்காட்டில் ஏரி, அண்ணா பூங்கா, ஒண்டிக்கடை சுற்றிலும் இருக்கும் கடைகளுக்கு இந்தத் தட்டுப்பாடு வருடத்தில் இரு வகை.

1. கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கும் மே மாதத்திலும் நீண்ட விடுமுறை நாட்களிலும் வாங்க வருகிறவர்களுக்குக் குறைவில்லை. மேசைக்குப் பின்னால் நிற்கும் இருவரின் நேரம்தான் போதவில்லை. அளவுகோல்: ஒரு நிமிடத்துக்கு எத்தனை ரூபாய் லாபம்.
2. மழைக்கால வார நாட்களில் நேரம் தாராளமாகக் கிடக்கிறது. சரக்கில் போட்ட பணம்தான் திரும்ப வரவில்லை. அளவுகோல்: முடங்கிய நூறு ரூபாய்க்கு மாதம் எத்தனை ரூபாய் லாபம்.

முதல் நிலை வந்துவிட்டது என்பதை எப்படி அறிவது? கடைக்குள் வந்தவர் கையில் எதுவும் வாங்காமல், கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிப் போகிறாரா என்று பாருங்கள். ஒரு மணி நேரத்தில் நாலைந்து பேர் அப்படிப் போனால் நேரம்தான் தட்டுப்பாடு. யாரும் திரும்பவில்லை என்றால், கூட்டம் எவ்வளவு தெரிந்தாலும் அது தட்டுப்பாடு இல்லை.

## மே மாத ஞாயிறு: நிமிடக் கணக்கு

ஒரு விற்பனைக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்பதை ஊகிக்கக் கூடாது. கைபேசியில் நேரம் பார்த்து, ஒவ்வொரு சரக்குக்கும் இருபது விற்பனையை அளந்து சராசரி எடுக்க வேண்டும். வாடிக்கையாளர் கேள்வி கேட்கத் தொடங்குவதிலிருந்து பணம் வாங்கி முடிக்கும் வரை. நம் உதாரணக் கடையில் இப்படி வருகிறது:

| சரக்கு | விற்பனை விலை | லாபம் | சதவீதம் | ஆகும் நேரம் | நிமிட லாபம் |
|---|---|---|---|---|---|
| உடனே அரைத்த காபி, 250 கிராம் | ரூ.220 | ரூ.60 | 27% | 4 நிமிடம் | ரூ.15 |
| உதிரிச் சாக்லேட், 200 கிராம் | ரூ.160 | ரூ.80 | 50% | 5 நிமிடம் | ரூ.16 |
| யூகலிப்டஸ் தைலம், 100 மி.லி. | ரூ.150 | ரூ.75 | 50% | 3 நிமிடம் | ரூ.25 |
| மிளகுப் பாக்கெட், 100 கிராம் | ரூ.110 | ரூ.30 | 27% | 1 நிமிடம் | ரூ.30 |

சதவீதத்தில் காபியோடு சேர்ந்து கடைசியில் இருந்த மிளகு முதலில் வந்துவிட்டது. யாரும் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்டு பணம் கொடுத்துவிட்டுப் போகும் சரக்கு அது. 50% தரும் சாக்லேட்டில் குழந்தைகள் ஒவ்வொரு வகையாகக் கேட்டு, ருசி பார்த்து, இதில் நான்கு அதில் மூன்று என்று கலந்து எடை போடுவதற்குள் ஐந்து நிமிடம் போய்விடுகிறது. காபியில் சிக்கரி எத்தனை சதவீதம், பில்டருக்கா வேறு எதற்கா என்று கேட்டு அரைத்துக் கொடுக்க நான்கு நிமிடம்.

காலை 11 முதல் மாலை 5 வரை ஆறு மணி நேரம், இரண்டு பேர் என்றால் 720 நிமிடம். சில்லறை, தண்ணீர், சரக்கு எடுத்து வைப்பது என்று கழித்தால் 600 நிமிடம் விற்பனைக்கு நிற்கும். அந்த நாளில் 60 காபி, 40 சாக்லேட், 30 தைலம், 60 மிளகு விற்றால் 590 நிமிடம் தீர்ந்துவிடும். மொத்த லாபம் ரூ.10,850. அதற்கு மேல் வந்தவர்கள் வரிசையைப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போயிருப்பார்கள்.

இந்த அட்டவணையைப் பார்த்ததும் காபியையும் சாக்லேட்டையும் தூக்கிவிட்டு மிளகை நிரப்பத் தோன்றும். அது தவறு. வருகிறவர் ஒருவருக்கு மிளகு ஒரு பாக்கெட்தான் வேண்டும்; இருநூறு பாக்கெட் அடுக்கி வைத்தாலும் இருநூறு விற்காது. அட்டவணை சொல்வது வேறு: காபியும் சாக்லேட்டும் தரும் லாபத்தில் குறையில்லை, அவை விற்கப்படும் விதம் நேரத்தைத் தின்கிறது. எனவே மாற்ற வேண்டியது சரக்கின் வடிவத்தை.

- காபி: அதிகம் கேட்கப்படும் இரண்டே கலவைகளை, அன்று காலையில் அரைத்துக் கால் கிலோ பாக்கெட்டாக வைப்பது. விற்க 1 நிமிடம். நிமிட லாபம் 15லிருந்து 60 ஆகிறது.
- சாக்லேட்: ஐந்து வகை கலந்த 200 கிராம் பெட்டி. பெட்டிக்கு ரூ.5 போனால் லாபம் ரூ.75, நேரம் ஒன்றரை நிமிடம், நிமிட லாபம் ரூ.50.
- தைலம்: முகர்ந்து பார்க்க ஒரு திறந்த குப்பி, பக்கத்தில் விலையும் பயன்படுத்தும் முறையும் எழுதிய அட்டை. மூன்று நிமிடம் ஒன்றரை ஆகும். நிமிட லாபம் ரூ.50.

இப்போது அதே ஞாயிறை மறுபடி கணக்கிடுவோம். உடனே அரைத்துத் தந்தால்தான் வாங்குவேன் என்ற 15 பேர் போய்விடுகிறார்கள். மீதி 45 பேர் பாக்கெட்டை எடுத்துக்கொள்கிறார்கள். முன்பு வரிசையைக் கண்டு போனவர்களில் 25 பேர் புதிதாக வாங்குகிறார்கள். ஆக 70 பாக்கெட், ரூ.4,200. சாக்லேட் 60 பெட்டி, ரூ.4,500. தைலம் 36, ரூ.2,700. மிளகு 80, ரூ.2,400. மொத்தம் ரூ.13,800, செலவானது 294 நிமிடம்.

கவனிக்க வேண்டிய இடம் இது. 600 நிமிடத்தில் பாதி இப்போது மிச்சம் இருக்கிறது. அப்படியானால் நேரம் தட்டுப்பாடாக இல்லை. நிமிட லாபம் என்ற அளவுகோலும் அந்த நொடியோடு செல்லாது. திரும்பிப் போன 15 பேருக்கு மேசையின் ஓரத்தில் ஒருவர் அரைத்துக் கொடுத்தால் 60 நிமிடம் செலவில் ரூ.900 கூடுதலாக வருகிறது. அளவுகோலைக் கண்மூடித்தனமாகப் பிடித்துக்கொண்டு அரவையை அடியோடு நிறுத்தியவர் அந்த ரூ.900ஐ இழக்கிறார். அரவையை மூலைக்கு நகர்த்தினால் போதும், வரிசையை அது மறிக்கக் கூடாது.

### பாக்கெட் போடுவதில் கெட்டுப் போவது

வறுத்த கொட்டை சில நாட்களுக்குக் கரியமில வாயுவை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். வறுத்த சூட்டோடு காற்றுப் புகாத கவரில் ஒட்டினால் கவர் உப்பும், சில நேரம் ஒட்டு பிரிந்துவிடும். ஒரு நாளாவது ஆறவிட்டு அரைத்து ஒட்ட வேண்டும், அல்லது வாயு வெளியேறும் வால்வு வைத்த கவர் வாங்க வேண்டும். தூளாக்கிய காபியின் மணம் கொட்டையை விட வெகு வேகமாகப் போகும். அதனால் முந்தைய ஞாயிற்றின் விற்பனையைப் பார்த்து அதைவிடச் சற்றுக் குறைவாகவே அரைக்க வேண்டும். மாலையில் மீந்தால் மறுநாள் அதுவே முதலில் போக வேண்டும். சிக்கரி கலந்த பாக்கெட்டில் காபி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்க வேண்டும் என்பது சட்டம்; சிக்கரி 49%ஐத் தாண்டக் கூடாது.

சாக்லேட் பெட்டியின் பிரச்சினை மலையடிவாரத்தில் வரும். ஏற்காட்டில் திடமாக இருக்கும் சாக்லேட், 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி மே மாதச் சேலத்து வெயிலில் நிறுத்திய காருக்குள் உருகிவிடும். மறுபடி இறுகும்போது மேலே வெள்ளை பூத்து, பழைய சரக்கைத் தந்துவிட்டார்கள் என்ற பெயர் கடைக்கு வரும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைக்க வேண்டாம் என்று பெட்டி மேலேயே அச்சிடுவது இந்தப் புகாரைக் குறைக்கும்.

## ஆகஸ்ட் மாதம்: முடங்கிய பணத்தின் கணக்கு

மழைக்கால வார நாளில் மேசைக்குப் பின்னால் இருப்பவருக்கு வேலையே இல்லை. ஒருவருக்குச் சாக்லேட் எடுத்துக் கொடுக்கப் பத்து நிமிடம் ஆனாலும் எதுவும் நட்டமில்லை. இப்போது பார்க்க வேண்டியது, சராசரியாக எத்தனை ரூபாய் சரக்கு தட்டில் இருக்கிறது, அது மாதம் எவ்வளவு சம்பாதித்துக் கொடுக்கிறது என்பதை.

காபியில் ரூ.8,000 சரக்காக முடங்கி நிற்கிறது. மாதம் 100 பாக்கெட் போனால் லாபம் ரூ.6,000. நூறு ரூபாய்க்கு 75.

சாக்லேட்டில் ரூ.10,000 நிற்கிறது. 50 பொட்டலம் போனால் லாபம் ரூ.4,000, ஈரத்தில் பூத்தும் தேதி முடிந்தும் தூக்கிப் போடுவது ரூ.1,500. மிச்சம் ரூ.2,500. நூறு ரூபாய்க்கு 25.

மிளகில் ரூ.12,000 நிற்கிறது. 60 பாக்கெட் போனால் ரூ.1,800. நூறு ரூபாய்க்கு 15.

தைலத்தில் 200 குப்பி, ரூ.15,000 நிற்கிறது. மாதம் 20 குப்பி போனால் ரூ.1,500. நூறு ரூபாய்க்கு 10.

27% காபி முதலிடம், 50% தைலம் கடைசி. காபி ஏன் முன்னால் நிற்கிறது என்றால், பயணிகள் இல்லாத மாதத்திலும் அதை வாங்குகிறவர்கள் உண்டு. ஒருமுறை வாங்கிப் பிடித்துப் போன சேலத்துக் குடும்பங்கள் போன் செய்து கூரியரில் வரவழைத்துக்கொள்வார்கள். சாக்லேட்டை அப்படி யாரும் வரவழைப்பதில்லை. பாக்கெட்டில் கடையின் எண்ணும் கலவையின் பெயரும் தெளிவாக இருப்பது ஆகஸ்ட் மாத விற்பனையை மே மாதத்திலேயே தேடிக்கொள்வதற்குச் சமம். மே மாத நிமிடக் கணக்கில் காபி பின்தங்கித் தெரிந்தாலும் அதை முன் மேசையிலிருந்து எடுக்கக் கூடாது என்பதற்கு இதுவே எனக்குப் பெரிய காரணமாகப் படுகிறது.

## கடைசியில் நிற்கும் சரக்கை எடுத்துவிடலாமா

இந்த இடத்தில் இரண்டு தவறுகள் நடக்கின்றன.

முதல் தவறு, வாடகையைச் சரக்குகளின் தலையில் பங்கு போடுவது. மாதத்துக்கு ரூ.20,000 வாடகையை இடத்துக்கு ஏற்பப் பிரித்து, தைலத்தின் பங்கு ரூ.2,200 என்று எழுதினால், ரூ.1,500 சம்பாதிக்கும் தைலம் ரூ.700 நட்டத்தில் ஓடுவதாகத் தெரியும். அதை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? வாடகை ரூ.20,000 அப்படியே இருக்கும், ரூ.1,500 போய்விடும். ஒரு சரக்கை எடுக்கும்போது அதோடு சேர்ந்து உண்மையில் நின்றுபோகும் செலவை மட்டுமே அதன் கணக்கில் எழுத வேண்டும். தைலத்தில் அது முடங்கிய பணத்தின் வட்டி. நூற்றுக்கு இரண்டு வட்டி என்றால் ரூ.15,000க்கு மாதம் ரூ.300. அதைக் கழித்தாலும் ரூ.1,200 மிஞ்சுகிறது. அந்தத் தட்டில் வேறு எதை வைத்தால் ரூ.1,200க்கு மேல் வரும் என்று சொல்ல முடிந்தால் மட்டுமே தைலத்தை எடுக்கலாம்.

இரண்டாவது தவறு, வேண்டுமா வேண்டாமா என்று மட்டும் கேட்டு, எத்தனை வேண்டும் என்று கேட்காமல் விடுவது. மாதம் 20 குப்பி விற்கும் கடையில் 200 குப்பி எதற்கு? மொத்தமாக எடுத்தால் குப்பிக்கு இரண்டு ரூபாய் குறையும் என்று வாங்கியிருப்பார்கள். 60 குப்பியாகக் குறைத்தால் முடங்குவது ரூ.4,500. அதே ரூ.1,500 லாபத்துக்கு, நூறு ரூபாய்க்கு 33 வரும். மிளகையும் சாக்லேட்டையும் தாண்டிவிடும். குப்பிக்கு இரண்டு ரூபாய் கூடினாலும் மாதம் ரூ.40 தான் போகிறது. விடுபட்ட ரூ.10,500க்கு வட்டி மட்டுமே ரூ.210 மிச்சம்.

எடுப்பதற்கு முன் பில் கட்டையிலும் ஒரு பார்வை வேண்டும். அந்தச் சரக்கு இருக்கும் கடைசி 20 பில்களை எடுத்து, எத்தனையில் அது மட்டும் தனியாக இருக்கிறது, எத்தனையில் காபியோ மிளகோ சேர்ந்து இருக்கிறது என்று எண்ணுங்கள். பதினைந்தில் சேர்ந்து இருந்தால், தைலம் கேட்டு உள்ளே வந்தவர்தான் காபியும் வாங்கினாரா, காபிக்கு வந்தவர் தைலத்தையும் எடுத்துக்கொண்டாரா என்று பார்க்க வேண்டும். பில்லில் இது தெரியாது. மேசையில் நிற்பவருக்குத்தான் தெரியும். ஒரு வாரம், வந்தவர் முதலில் கேட்டது எது என்று பில்லின் ஓரத்தில் ஒரு குறி போட்டு வந்தால் விடை கிடைத்துவிடும்.

## இரண்டு கணக்கும் சந்திக்கும் வாரம்

பணம் அதிகம் போவது சீசன் நடுவிலும் இல்லை, மழையிலும் இல்லை. மே மாதக் கடைசி வாரத்தில்தான். அதுவரை நிமிடக் கணக்கில் நன்றாக ஓடிய சாக்லேட் பெட்டியை அதே வேகத்தில் ஓடும் என்று நம்பி 200 பெட்டி எடுத்தால், பள்ளி திறக்கும் தேதியோடு கூட்டம் நின்று 80 தான் விற்கும். அந்த 80 பெட்டியில் லாபம் ரூ.6,000. மீந்த 120 பெட்டியின் அடக்கம் ரூ.85 வீதம் ரூ.10,200. மழைக்காலத்தில் மாதம் 50 தான் போகும் என்றால் அது இரண்டரை மாதச் சரக்கு. தயாரிப்பாளர் போட்ட தேதி அதற்குள் முடிந்தால், மே மாதக் கடைசி வாரத்து லாபத்தில் பெரும்பகுதி குப்பைக் கூடைக்குப் போகும்.

எனவே ஆர்டர் போடும் விதி மாற வேண்டிய தேதி, பள்ளி திறக்கும் நாளுக்கு இரண்டு வாரம் முன்பு. அன்றிலிருந்து கெட்டுப் போகும் சரக்கை, அடுத்த வார விற்பனையோடு ஒரு மழை மாத விற்பனையைக் கூட்டி, அதற்கு மேல் எடுக்கக் கூடாது. அடுத்த வாரம் 80, மழை மாதம் 50 என்றால் 130 பெட்டி உச்சம். தட்டில் ஏற்கெனவே 40 இருந்தால் 90 மட்டும் எடுக்கலாம். தைலத்துக்கு இந்த அவசரம் இல்லை, குப்பி மூடியிருக்கும் வரை எளிதில் கெடாது. மிளகு சரியாக உலர்ந்திருந்தால் நிற்கும். ஆனால் ஈரம் 12%க்கு மேல் இருந்தால் ஜூலை மழையில் பூஞ்சை பிடிக்கும். எனவே மூட்டையில் மீந்ததை வெயில் இருக்கும்போதே ஒருமுறை காயவைத்துப் பாக்கெட் போட்டுவிடுவது நல்லது. காபியை மட்டும் பச்சைக் கொட்டையாகவே வைத்துக்கொண்டு, வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வறுத்தால் மே மாதத்தில் மீந்தது என்று எதுவுமே இருக்காது.